மூன்று தோம்புகளும் ஒரு பழைய இரும்பு லோரியும்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். என் மாமனார் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஓரமாக அலங்கார மீன் தொட்டிகளும் இருந்தன. அவர் தவறிய பிறகு இப்போதுதான் இடத்தைக் காலி செய்கிறோம். மூன்று கேஸ் தோம்புகள் கிடக்கின்றன. ஒன்று குள்ளமான பச்சை, ஒன்று தோள் உயரக் கறுப்பு, ஒன்று இடுப்பு உயரச் சாம்பல். சாம்பலை என் கணவர் குளியலறைத் தராசின் மேல் நிறுத்திப் பார்த்தார், 18.9 கிலோ காட்டியது. கறுப்பு ஆக்சிஜன், சாம்பல் கார்பன் டை ஆக்சைடு என்று நிறத்தை வைத்துச் சொல்கிறார். பழைய இரும்பு லோரிக்காரரோ, "மூணும் காலிதான், வாயைத் திறந்து விட்டு ஏத்திக்கிறேன்" என்கிறார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். எது எது என்று சொல்வீர்களா? கொடுத்துவிடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

சகோதரி, முதலில் லோரிக்காரருக்குப் பதில் சொல்லிவிடுங்கள்: கொடுக்கப் போவதில்லை, யாரும் வால்வைத் தொட வேண்டாம். ஒன்றுகூடக் காலி என்பதற்கு உங்கள் படங்களில் ஆதாரம் இல்லை. சாம்பல் தோம்பு காலி இல்லை என்பதற்கு நீங்கள் எழுதிய எடையே ஆதாரம். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொன்ன இரண்டும் சரியாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் அவர் போன வழி சரியில்லை. சிலிண்டர்களைச் சோதிக்கும் தொழிலில் இருக்கிறவர்கள் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்போம். எந்த வாயுவுக்கு எந்த நிறம் என்று உலகம் முழுவதும் பொதுவான ஒரு வழக்கம் கிடையாது. நம் நாட்டில் பல நாட்டு வழக்கங்களும் கலந்து கிடக்கின்றன. பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் பட்டறை ஆக்சிஜன் முழுக் கறுப்பு. ஆனால் அதே வழக்கத்தில் கார்பன் டை ஆக்சைடும் கறுப்பில் வந்ததுண்டு. உடம்பு சாம்பலும் தோள் கறுப்புமாக இருந்தால் அது நைட்ரஜன். சீன வழக்கத்தில் கறுப்பு என்றால் நைட்ரஜன், ஆக்சிஜனுக்கு இளநீலம், கார்பன் டை ஆக்சைடுக்கு அலுமினிய வெள்ளை. பிற்கால ஐரோப்பிய வழக்கத்தில் உடம்பின் நிறத்தைவிடத் தோளின் நிறம்தான் முக்கியம்: ஆக்சிஜனுக்கு வெள்ளைத் தோள், கார்பன் டை ஆக்சைடுக்குச் சாம்பல் தோள், நைட்ரஜனுக்குக் கறுப்புத் தோள். ஆக, கறுப்பு என்ற ஒரே நிறத்துக்குள் மூன்று வாயுக்கள் இருக்கின்றன. சமையல் எரிவாயுத் தோம்பின் நிறம் இன்னும் மோசம், அது வாயுவைச் சொல்வதே இல்லை, விற்கும் கம்பெனியைச் சொல்கிறது. போதாக்குறைக்குத் தகரக் கூரைக்குக் கீழே குழல் விளக்கில் எடுத்த கைப்பேசிப் படத்தில் சாம்பல் நீலமாகத் தெரியும், வெளுத்த நீலம் சாம்பலாகத் தெரியும். துரு பிடித்தால் மேலே கையில் கிடைத்த பெயின்ட்டை அடித்துவிடுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு.

அதனால் உடம்பு, வால்வு, அச்சு, ஒட்டுச்சீட்டு என்ற வரிசையில்தான் படத்தைப் பார்ப்பேன். முதல் இரண்டும் எதுவெல்லாம் இல்லை என்று கழித்துக் கட்ட உதவும். பின்னிரண்டும்தான் என்னவாக இருக்கலாம் என்று சொல்லும்.

பச்சைத் தோம்பில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. முதல் படத்தில் வயிற்றின் நடுவே சுற்றிலும் ஒரு மேடு ஓடுகிறது பாருங்கள், அது வெல்டிங் தையல். இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் செய்யப்பட்ட உடம்பு அது. அடியில் நிற்பதற்கு ஒரு வளையம், மேலே வால்வைச் சுற்றிக் கைப்பிடியோடு ஒரு காப்பு. இந்த உடம்பு பெரிய அழுத்தத்தைத் தாங்காது, தாங்க வேண்டியதும் இல்லை. சமையல் எரிவாயு உள்ளே திரவமாக இருக்கிறது, நம் ஊர் வெயிலிலும் அதன் அழுத்தம், பார் என்ற அழுத்த அளவில், 10க்குள்தான் நிற்கும். ஆக்சிஜனை 150 பாரில் அடைப்பார்கள். அந்த அழுத்தத்தை வயிற்றில் தையல் போட்ட இந்த மாதிரி மெல்லிய தகட்டில் யாரும் அடைக்க மாட்டார்கள். வால்வும் அதையே சொல்கிறது: உச்சியில் நடுவே ஒரு குமிழ், பக்கவாட்டில் மரையோ கைச்சக்கரமோ இல்லை. வீட்டு ரெகுலேட்டரை மேலிருந்து அழுத்திப் பூட்டுகிற வகை. காப்பு வளையத்தில் 14 கிலோ என்றும், வெற்று எடை 15.2 கிலோ என்றும் அச்சு தெரிகிறது. இது வீட்டுச் சமையல் எரிவாயுதான். உங்கள் சமையலறைக்குக் கேஸ் போடுகிறவரே கம்பெனிப் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்வார். அடி வளையத்தில் துரு அரித்திருப்பது படத்திலேயே தெரிகிறது. அதனால் மிச்சக் கேஸ் வீணாகிறதே என்று அடுப்பில் மாட்டிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தையல் இருந்தாலே சமையல் எரிவாயு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏர்கோன் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் குளிர்பதன வாயுவும் தையல் உடம்பில்தான் வருகிறது. வெல்டிங் பட்டறைகளில் இருக்கும் அசெட்டிலின் தோம்பிலும் சில சமயம் தையல் இருக்கும். அதன் உள்ளே நுண்துளைப் பொருளும் அசிட்டோனும் நிரப்பியிருப்பார்கள், அதன் குணமே வேறு. உங்கள் படங்களில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் மாமனார் வெல்டிங் செய்தவர் என்பதால் பட்டறை மூலையில் மெரூன் நிறத்திலோ பெயின்ட் உரிந்தோ நான்காவது ஒன்று கிடக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கறுப்பு. அங்கேதான் நிறைய சிக்கல்.

அந்த உடம்பில் எங்கும் தையல் இல்லை. ஒரே எஃகுத் துண்டை நீட்டிக் கழுத்தைக் குவித்துச் செய்தது அது. தோள் கனமாகச் சரிந்து கழுத்தில் போய் முடிகிறது. உயர் அழுத்த வாயுவுக்கான உடம்பு, சமையல் எரிவாயு கிடையாது, அவ்வளவு நிச்சயம். இரண்டாவது படத்தில் வால்வின் பக்கவாட்டு வாய் நேராகத் தெரிகிறது, நல்ல வேலை செய்தீர்கள். மரை வாயின் உட்புறத்தில் இருக்கிறது. ரெகுலேட்டரின் உருண்டை மூக்கு உள்ளே போய் அமரும் வகை இது. பிரிட்டிஷ் வழக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு வால்வுக்கு மரை வெளிப்புறத்தில் இருக்கும். ஆகவே அதுவும் கழிந்தது.

மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது அடுத்த கேள்வி. தீப்பிடிக்கும் வாயுக்களுக்கு இடப்பக்க மரை, மற்றவற்றுக்கு நாம் வழக்கமாகத் திருகும் வலப்பக்க மரை. யாராவது தவறிப்போய் ஆக்சிஜன் ரெகுலேட்டரை அசெட்டிலினில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இடப்பக்க மரைக்கான நட்டின் முனைகளில் சின்ன வெட்டுகள் போட்டிருப்பார்கள், படத்தில் அவை பளிச்சென்று தெரியும். உங்கள் படத்தில் பழைய ரெகுலேட்டரின் நட்டு தோம்பின் பக்கத்திலேயே கிடக்கிறது, அதில் வெட்டு இல்லை. வால்வு மரையின் சரிவும் வலப்பக்கம்தான். எரியும் வாயுவும் கழிந்தது.

இந்த இடத்தில் பலரும், கறுப்பு, உயர் அழுத்தம், உட்புற வலப்பக்க மரை, வேறென்ன, ஆக்சிஜன்தான் என்று முடித்துவிடுவார்கள். அதே வால்வைத்தான் பிரிட்டிஷ் வழக்கத்தில் ஆர்கானுக்கும் நைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் போடுகிறார்கள். வெல்டிங் பட்டறையில் ஆர்கான் இருப்பது சாதாரணம். நான்கும் ஒரே மரை என்பதால் ஒன்றின் ரெகுலேட்டர் மற்றதில் அழகாகப் பொருந்திவிடும். பொருந்திவிட்டது என்பதை வைத்து உள்ளே இருப்பது அதுதான் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் படத்தில் இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. தோம்பின் நடுவில் கறுப்பு பெயின்ட் உரிந்த இடத்தில் நீலம் எட்டிப் பார்க்கிறது. சீனத்து ஆக்சிஜன் தோம்பாக இருந்து இங்கே வந்து கறுப்பு அடிக்கப்பட்டிருந்தால் அடியில் இளநீலம் இருக்கும். பிரிட்டிஷ் வழக்கத்து ஆர்கான் தோம்பாக இருந்து பிறகு ஆக்சிஜனுக்கு மாற்றப்பட்டிருந்தாலும் அடியில் நீலம்தான் இருக்கும். அப்படி மாற்றுவதற்கு நிரப்பும் நிலையத்தில் உள்ளே சுத்தம் செய்து, பரிசோதித்து, பதிவு செய்ய வேண்டும். யாரோ பெயின்ட் மட்டும் அடித்துவிட்டு மாற்றிவிட்டதாகச் சொல்லியிருந்தால், வால்வின் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். ஆர்கானுக்கு அது ஒன்றும் செய்யாது. அழுத்தமான ஆக்சிஜன் அதன்மேல் பாய்ந்தால் பொறி கூட வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும்.

சரி, அச்சைப் பார்ப்போம். தோளில் சுத்தியலால் அடித்த எழுத்துகளில் 47.0 லிட்டர், வேலை அழுத்தம் 150 பார், சோதனை அழுத்தம் 250 பார், கீழே ஒரு வரிசை எண், அதன் பக்கத்தில் ஆண்டும் மாதமும், பெரிய எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர் ஆகியவை தெரிகின்றன. 47 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தோம்பில் 150 பாரில் அடைத்தால் ஏறக்குறைய 7 கன மீட்டர் வாயு, பட்டறைகளுக்கு வரும் வழக்கமான பெரிய தோம்பு இதுதான். ஆனால் கவனியுங்கள், இந்த எண்கள் எல்லாம் பாத்திரத்தைப் பற்றியவை. இந்தத் தோளில் வாயுவின் பெயர் அடிக்கப்படவில்லை. பல தோம்புகளில் அடிப்பதும் இல்லை. நைட்ரஜன் தோம்பிலும் ஆர்கான் தோம்பிலும் இதே எண்கள் இதே வரிசையில் இருக்கும்.

முடிவு சொன்னது ஒட்டுச்சீட்டு. ஐந்தாவது படத்தின் ஓரத்தில் கிழிந்துபோன சீட்டின் மிச்சம் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பச்சைச் சாய்சதுரத்தின் பாதியும், அதன் பக்கத்தில் மஞ்சள் சாய்சதுரத்தின் முனையும் தெரிகின்றன. கீழே 072 என்று மூன்று எண்கள் பிழைத்திருக்கின்றன. ஆபத்தான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் சபை கொடுத்த நான்கு இலக்க எண்ணின் வால் அது. அழுத்தமான ஆக்சிஜனுக்கு 1072, ஆர்கானுக்கு 1006, நைட்ரஜனுக்கு 1066, கார்பன் டை ஆக்சைடுக்கு 1013, சமையல் எரிவாயுவுக்கு 1075. பச்சைச் சாய்சதுரம் தீப்பிடிக்காத அழுத்த வாயுவுக்கு உரியது, அது பல வாயுக்களுக்குப் பொது. வட்டத்தின் மேல் தீச்சுவாலை வரைந்த மஞ்சள், மற்றதை எரியத் தூண்டும் வாயுவுக்கு உரியது. இப்போது எண் சொன்ன ஐந்து வாயுக்களில் அந்த மஞ்சள் ஆக்சிஜனுக்கு மட்டும்தான். எண்ணும் மஞ்சளும் சேர்ந்து ஒரே பக்கம் காட்டுவதால், கடைசியாக இதை நிரப்பியவர் ஆக்சிஜன் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு படத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. அடியில் நீலம் ஏன் என்ற கேள்விக்கு, வரிசை எண்ணை வைத்திருக்கும் கம்பெனிதான் பதில் சொல்லும்.

இப்போது சாம்பல். இதில் உங்கள் கணவரின் குளியலறைத் தராசு பெரிய உதவி செய்திருக்கிறது.

உடம்பு தையல் இல்லாத எஃகு, சமையல் எரிவாயு கழிந்தது. வால்வு வாயில் மரை வெளிப்புறம். அளவு தெரிய 20 சென் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். இந்த யோசனை யாருடையதோ, பிரமாதம். அந்த நாணயம் 20.6 மில்லிமீட்டர் அகலம். மரையின் வெளி விட்டம் நாணயத்தைவிட ஒரு நூலளவு பெரிதாகத் தெரிகிறது. கார்பன் டை ஆக்சைடு வால்வுக்கு ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வைக்கும் மரை 21.8 மில்லிமீட்டர், கணக்கு ஒத்துப்போகிறது. வாய்க்கு எதிர்ப்பக்கத்தில் சின்ன ஓட்டைகளோடு ஒரு நட்டு இருக்கிறதே, அது வெடிதகட்டு நட்டு. உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியே விட்டுவிடும், தோம்பு தப்பிக்கும். கார்பன் டை ஆக்சைடு வால்வுகளில் இதை அநேகமாகப் பார்க்கலாம். மீன் தொட்டிக்குச் செடி வளர்ப்பவர்கள் இந்த வாயுவைக் குமிழ்குமிழாக விடுவார்கள் என்பதும் உங்கள் மாமனார் கதையோடு சேர்கிறது.

தோளில் 10.0 லிட்டர், 13.4 கிலோ, சோதனை அழுத்தம் 250 பார் என்று இருக்கிறது. 13.4 வெற்று எடை. தராசு 18.9 காட்டியது. வித்தியாசம் 5.5 கிலோ. குளியலறைத் தராசு அரை கிலோ முன்னே பின்னே காட்டலாம், அச்சிட்ட வெற்று எடையில் வால்வு சேர்க்கப்படாமலும் இருக்கலாம். தாராளமாக ஒரு கிலோவைக் கழித்துவிடுங்கள். அப்போதும் நான்கரை கிலோ வாயு உள்ளே இருக்கிறது.

இது ஆக்சிஜனாக இருக்க முடியுமா? 10 லிட்டர் தோம்பில் 150 பாரில் அடைத்ததை வெளியே விரித்தால் 1500 லிட்டர் வரும், அதன் எடை சுமார் 2 கிலோ. நான்கரை கிலோ ஆக்சிஜனை அதற்குள் அடைக்க 300 பாருக்கு மேல் வேண்டும். சோதனை அழுத்தமே 250தான். நைட்ரஜன் அதைவிட லேசு. ஆர்கான் கொஞ்சம் கனம் என்றாலும் 150 பாரில் இரண்டரை கிலோ அளவில்தான் வரும். ஆக, உள்ளே இருப்பது வெறும் அழுத்திய வாயு கிடையாது, திரவமாக்கி நிரப்பியது. கார்பன் டை ஆக்சைடை அப்படித்தான் எடை போட்டு நிரப்புகிறார்கள், 10 லிட்டர் தோம்புக்கு 6 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. உங்கள் தோம்பு ஏறக்குறைய நிறைந்தே இருக்கிறது. லோரிக்காரர் காலி என்று சொன்னது இதைத்தான்.

தராசுக் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. கிரீம் நுரைக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடும் திரவமாகத்தான் நிரப்பப்படுகிறது, எடையும் கிட்டத்தட்ட இதே. எடை மட்டும் இரண்டையும் பிரிக்காது, வால்வு மரையின் அளவுதான் பிரிக்கும். அதனால்தான் உங்கள் 20 சென் நாணயத்தை இவ்வளவு பாராட்டினேன். உடம்பு, மரை, வெடிதகடு, எடை நான்கும் ஒரே இடத்தில் வந்து நிற்பதால் இதைக் கார்பன் டை ஆக்சைடு என்று எடுத்துக்கொண்டு அதற்குரிய கவனத்தோடு வையுங்கள்.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க யாராவது அழுத்தமானி மாட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல. 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார், நிறைந்திருந்தாலும் கொஞ்சம் திரவம் மட்டும் மிச்சமிருந்தாலும் அதே எண். 31 டிகிரிக்கு மேலே போனால் திரவம், வாயு என்ற பிரிவே மறைந்துவிடும். அதன் பிறகு நிறைந்த தோம்பில் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். பட்டர்வொர்த்தில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் 31 டிகிரி என்பது சாதாரண நாள். வெயில் நேராக விழும் இடத்தில் நிற்கிறது என்றால் இன்றே நிழலுக்கு நகர்த்துங்கள். என்றாவது அந்தத் தகடு கிழிந்தால் சில நிமிடங்கள் பெரும் இரைச்சலோடு வெள்ளைப் புகை வரும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். மூடிய அறையில் இருந்தால் மயக்கம் வருமுன் வெளியே வந்துவிட வேண்டும், அடைக்கப் போகக் கூடாது. லோரிக்காரர் திறந்துவிடப் பார்த்ததும் இதைத்தான், அதுவும் உங்கள் பட்டறைக்குள்.

தேதிகளையும் பார்த்தேன். சாம்பலில் 2009/03, அதன் கீழே 2014/05. இவை சோதனை தேதிகள், தோம்புக்குள் தண்ணீர் நிரப்பிச் சோதனை அழுத்தத்துக்கு ஏற்றிப் பார்த்ததற்கான அடையாளம். 2014க்குப் பிறகு அச்சு இல்லை. ஆகவே மறுசோதனை இல்லாமல் எந்த நல்ல நிலையமும் இதை நிரப்பாது. மருமகன் யாராவது மீன் தொட்டிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றால், வாயு தீர்ந்ததும் நிரப்பிக்கொள்ள முடியும் என்று நினைத்து எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. கறுப்பையும் பச்சையையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள், குறைந்தது 3 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவாயு கசிந்தால் அந்தத் தீயைப் பல மடங்கு ஆக்கிவிடும். மூன்றும் நிமிர்ந்து நிற்கட்டும், கறுப்பையும் சாம்பலையும் தூணோடு சங்கிலியால் கட்டிவிடுங்கள். கறுப்பு விழுந்து வால்வின் கழுத்து முறிந்தால் 150 பார் ஒரே வழியாக வெளியே வரும், தோம்பு சுவரையும் துளைத்துக்கொண்டு போகும். கறுப்பின் வால்வில் கிரீஸ், எண்ணெய், துருநீக்கித் தெளிப்பான் எதுவும் போடக் கூடாது. எண்ணெய்க் கையோடு தொடவும் வேண்டாம். நம் ஆட்களுக்குத் துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் எண்ணெய் விடத் தோன்றும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கறுப்பின் தோளில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் படியுங்கள். பெரிய வாயு நிறுவனங்கள் தோம்பை விற்பதில்லை, வாடகைக்குத்தான் தருகின்றன. தோம்பு அவர்களுடைய சொத்து. பழைய இரும்புக்கு விற்றால் நாளைக்கு அவர்களே தேடி வருவார்கள். கூப்பிடும்போது கையில் தோளின் நெருக்கமான படம் ஒன்று இருக்கட்டும். இப்போது அனுப்பிய படத்தில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் நிழலில் மறைந்திருக்கின்றன. பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள், கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். எழுத்துகளின் மேல் வெள்ளைச் சுண்ணக் கட்டியைத் தடவித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நின்றுவிடும். பிறகு கைவிளக்கைத் தோளோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். நேராக ஒளி விழுந்தால் அச்சு மறைந்துவிடும், சாய்ந்து விழுந்தால் ஒவ்வொரு எழுத்தும் எழுந்து நிற்கும்.

சாம்பலில் கம்பெனிப் பெயர் இல்லை, தயாரிப்பாளரின் முத்திரை மட்டும்தான் இருக்கிறது. அது மாமனாரின் சொந்தத் தோம்பாக இருக்கலாம். மாக் மண்டின் பக்கமும் பிறையிலும் வெல்டிங் வாயு விற்கும் கடைகள் இருக்கின்றன. மாமனாரின் பழைய பில் புத்தகத்தில் எந்தக் கடை என்று பார்த்து, அங்கேயே கேளுங்கள். வாயுவை முறையாக வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உடம்பில் துளையிட்டுத் தந்தால்தான் அது பழைய இரும்பு. அந்தத் துளையைக் கண்ணால் பார்த்த பிறகு லோரிக்காரரைக் கூப்பிடலாம்.

எடுத்துப்போகவும் அவர்களையே வரச் சொல்லுங்கள். காரின் பின்பெட்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வேலை வேண்டாம். அதற்குள் எப்போதாவது பச்சைத் தோம்பின் பக்கம் கேஸ் வாடை வந்தாலோ, மற்ற இரண்டில் இரைச்சல் கேட்டாலோ சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து 999க்கு அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் இந்தப் படங்களைக் காட்டுங்கள், எது எங்கே நிற்கிறது என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது.